இல்லாத கம்பெனியின் கையெழுத்து

புதுக்கோட்டையில், வங்கிக் கிளைகளுக்கு யூபிஎஸ் பராமரிக்கும் ஒரு சிறிய கம்பெனியில் நான் கணக்கு பார்க்கிறேன். கணக்கு என்றால் கணக்கு மட்டும் இல்லை. போன் எடுப்பது, பில் போடுவது, எந்த டெக்னீஷியன் எந்தக் கிளைக்குப் போக வேண்டும் என்று காலையில் பிரித்துக் கொடுப்பது, வங்கிகளுக்குக் கடிதம் எழுதுவது எல்லாம் நான்தான். பி.காம். முடித்த கையோடு வந்து சேர்ந்தேன். இலுப்பூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் திரும்புவேன். கல்யாணமாகி, மகள் பிறந்து, அவள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். நான் அதே வழித்தடத்தில்தான் வந்து போய்க்கொண்டிருக்கிறேன்.

கம்பெனியைத் தொடங்கியவரை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாரும் சென்னை, பெங்களூரு என்று போய்விட, இவர் மட்டும் இங்கேயே ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, தன் அம்மாவின் பெயரை வைத்து கம்பெனியைப் பதிவு செய்தார். வங்கிகள் கம்ப்யூட்டருக்கு மாறிய காலம் அது. கரண்ட் போனால் வங்கியே நின்றுவிடும் என்பதை இந்த ஊரில் முதலில் புரிந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். ஒரு பெரிய வங்கியின் கிளைகள் மாவட்டம் முழுக்க எங்களிடம் வந்தன. அறந்தாங்கி, இலுப்பூர், கீரனூர், கட்டுமாவடி என்று எந்தக் கிளையில் யூபிஎஸ் சத்தம் மாறினாலும் எங்கள் ஆபீஸ் போன்தான் அடிக்கும்.

சாருக்கு வயதாயிற்று. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் மாடிப்படி ஏறக் கூடாது என்றார். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் வேலையில் இருந்தார்கள். இந்தத் தொழிலுக்கு வர அவர்களுக்கு விருப்பம் இல்லை. திருச்சியில் இதே வேலையைச் செய்யும் இன்னொரு கம்பெனி இருந்தது. கம்பெனியை விற்றுவிட்டுப் போவதைவிட அதனுடன் இணைத்துவிட்டால் எங்கள் எல்லாருக்கும் வேலை இருக்கும் என்று சார் நினைத்தார். அப்படித்தான் பேசி முடித்தார்.

இரண்டுமே சிறிய கம்பெனிகள் என்பதால் மத்திய அரசின் மண்டல இயக்குநர் அலுவலகமே இணைப்புக்கு ஒப்புதல் தரும் என்றார் ஆடிட்டர். பங்குதாரர் கூட்டம், கடன் கொடுத்தவர்களின் சம்மதம், பத்திரிகை விளம்பரம் என்று மாதக்கணக்கில் இழுத்து, கடைசியில் உத்தரவு வந்தது. அந்த உத்தரவின்படி எங்கள் கம்பெனி திருச்சிக் கம்பெனிக்குள் கரைந்துவிட்டது. சொத்து, கடன், ஆட்கள், ஒப்பந்தங்கள் எல்லாம் அவர்களுடையவை ஆயின. அதோடு திருச்சிக்காரர்களும் தங்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள். இரண்டு பழைய பெயர்களும் போய், மூன்றாவதாக ஒரு புதுப் பெயர் வந்தது. அந்தப் பெயருக்குப் பதிவாளரிடமிருந்து தனியாக ஒரு சான்றிதழும் வந்தது.

மாடிப்படியின் கீழே பெயர்ப் பலகையை மாற்றிய அன்று சார் வரவில்லை. வீட்டிலிருந்து போன் செய்தார்.

"பலகை மாட்டியாச்சாத்தா?"

"மாட்டிட்டாங்க சார்."

"பேங்குக்குக் கடுதாசி போட்டுட்டியா? அதுதான் முக்கியம். அவங்க கம்ப்யூட்டர்ல நம்ம பேரு மாறலைன்னா ஒண்ணும் நடக்காது."

எங்கள் பக்கத்தில் வயதில் சின்னப் பெண்களைப் பிரியமாக ஆத்தா என்று கூப்பிடுவார்கள். இத்தனை வருடத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது குறைவு.

கடிதத்தை நான் ஏற்கெனவே எழுத ஆரம்பித்திருந்தேன். வங்கியின் மண்டல அலுவலகத்தில், தங்களுக்குப் பொருளோ சேவையோ தரும் நிறுவனங்களின் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவு ஒன்று உண்டு. அதற்குத்தான் அந்தக் கடிதம். பழைய பெயர், புதிய பெயர், எந்த உத்தரவின்படி, எந்தத் தேதி முதல் மாற்றம். புதிய பான் எண், ஜிஎஸ்டி எண், வங்கிக் கணக்கு. எங்களிடம் இருக்கும் கிளைகளின் பட்டியல். கிளைகளுக்குள் வந்து போகும் டெக்னீஷியன்களின் விவரம். கூடவே உத்தரவின் நகல், பெயர் மாற்றச் சான்றிதழ், ஜிஎஸ்டி பதிவு, ரத்து செய்த காசோலை, யார் கையெழுத்திடலாம் என்று இயக்குநர் குழு போட்ட தீர்மானம். வெறும் பெயர் மாற்றமாக இருந்திருந்தால் பழைய பதிவிலேயே பெயரை மட்டும் திருத்தியிருப்பார்கள். இங்கே கம்பெனியே வேறு, பான் எண்ணே வேறு. ஆகவே பழைய பதிவை மூடிவிட்டு, புதிதாக ஒன்று திறந்து, நடப்பில் இருக்கும் ஒப்பந்தங்களை அதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டிருந்தேன். கடிதம் திருச்சியில் கையெழுத்தாகி வங்கிக்குப் போயிற்று.

உள்ளுக்குள் எனக்கு ஒரு பயம் இருந்ததையும் சொல்ல வேண்டும். திருச்சியில் பெரிய ஆபீஸ். கணக்குக்கு மட்டுமே நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே ஒரு நிதி மேலாளர். முப்பத்தைந்து வயதுக்காரர், வேகமாகப் பேசுவார், போனை அதைவிட வேகமாக வைப்பார். புதுக்கோட்டையில் எனக்கென்று தனியாக ஒரு நாற்காலி இனி எதற்கு என்று அவர் என்றைக்காவது கேட்பார் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "கேக்கும்போது பாத்துக்கலாம்" என்றார். அவர் விவசாயம் பார்க்கிறவர். மழையைப் பற்றியும் அப்படித்தான் சொல்வார்.

கொஞ்ச நாளில் வங்கியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மற்றவை எல்லாம் சரி, ஆனால் பழைய கம்பெனியின் லெட்டர்ஹெட்டில், அதன் இயக்குநர் கையெழுத்திட்டு முத்திரை வைத்த தடையில்லாக் கடிதம், அதாவது என்ஓசி ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இணைப்புத் தேதிக்குப் பிறகு எழுதப்பட்டதாக இருக்க வேண்டுமாம்.

நான் அதை இரண்டு முறை படித்தேன். இணைப்புத் தேதியோடு எங்கள் கம்பெனி சட்டப்படி இல்லாமல் போய்விட்டது. உத்தரவிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. இல்லாத கம்பெனி எப்படிக் கடிதம் எழுதும்?

திருச்சிக்குப் போன் செய்தேன். நிதி மேலாளர் கேட்டுவிட்டு, "பழைய லெட்டர்ஹெட் இருக்கா?" என்றார்.

"இருக்கு சார். சீலும் இருக்கு."

"அப்ப உங்க சார்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கி அனுப்பிடுங்க மேடம். அவங்க கேக்குறதக் குடுத்துட்டா வேலை முடிஞ்சுது. யாரும் தோண்டிப் பாக்கப் போறதில்ல."

அவர் சொன்னதைக் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. இணைப்புக்குப் பிறகு அவர் தலையில் எத்தனையோ வேலைகள். அன்று மதியம் ஒரு ஆட்டோ பிடித்து சார் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி மோர் கொடுத்தார்கள். சார் மின்னஞ்சலின் அச்சுப் பிரதியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"திருச்சிக்காரரு என்ன சொல்றாரு?"

சொன்னேன். சார் காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார்.

"அது வேணாம்த்தா. கம்பெனி இல்லன்னு கவர்மெண்டு எழுதிக் குடுத்திருக்கு. அதுக்கப்புறம் அந்தப் பேருல நான் கையெழுத்துப் போட்டா அது பொய்க் கையெழுத்து. என் ஆத்தா பேரு அது. அந்தப் பேருல கடைசியாப் போற காகிதம் பொய்யாப் போக வேணாம்."

"பேங்க்ல கேக்குறாங்களே சார்."

"வெளங்காமக் கேக்குறாங்க. வெளங்குற மாதிரி நீ எழுது. ஒனக்குத் தெரியாத கடுதாசியா?"

ஆபீசுக்குத் திரும்பி உத்தரவை முதலிலிருந்து படித்தேன். நீளமான இணைப்புத் திட்டம் அது. நடுவில் ஒரு பத்தி இருந்தது. பழைய கம்பெனி செய்த ஒப்பந்தங்கள் எல்லாம், புதிய கம்பெனியே தொடக்கத்திலிருந்து செய்தது போலத் தொடரும் என்று அதில் இருந்தது. இன்னொரு பத்தியில் பழைய கம்பெனி கலைக்கப்பட்டது என்று இருந்தது. இந்த இரண்டையும் எடுத்துக் காட்டி ஒரு வரைவு எழுதித் திருச்சிக்கு அனுப்பினேன். வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்றார் நிதி மேலாளர். அது அவர் மேசையிலோ வக்கீல் மேசையிலோ கிடந்தது.

இதற்கிடையே எங்கள் பழைய ஜிஎஸ்டி பதிவு ரத்தானது. இணைப்புக்குப் பிறகு அது ரத்தாக வேண்டியதுதான். ஆனால் வங்கியின் கம்ப்யூட்டர் அதைப் பார்த்ததும் எங்கள் பழைய பதிவை நிறுத்தி வைத்துவிட்டது. பழைய பெயரும் இல்லை, புதுப் பெயரும் ஏறவில்லை. கிளைகளிலிருந்து புகார் பதிய முயன்றால் எங்கள் பெயருக்கு எதிரே சிவப்பில் ஒரு குறி வந்தது.

அப்போதுதான் கட்டுமாவடியிலிருந்து போன் வந்தது.

அந்தக் கிளைக்கு மேலாளராக ஒரு பெண் புதிதாக வந்திருந்தார். ஈரோட்டுப் பக்கம் சொந்த ஊர். அதுவரை இரண்டு மூன்று முறைதான் பேசியிருக்கிறேன்.

"மேடம், எங்க யூபிஎஸ் அஞ்சு நிமிஷம்கூட நிக்க மாட்டேங்குது. நாளைக்குக் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் மெயின்டனன்ஸ் ஷட்டவுன், கரண்ட் இருக்காது. தடைக்காலப் பணம் வேற கணக்குல ஏறியிருக்கு. நாளைக்கு ஊரே வரும். கம்ப்ளைண்ட் போடப் பார்த்தா சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது."

மீன்பிடித் தடைக்காலம். படகுகள் எல்லாம் கரையில் இருக்கும். அரசு தரும் நிவாரணத்தை நம்பித்தான் அந்த ஊரில் அடுப்பு எரியும். கிளையில் ஜெனரேட்டர் உண்டு. ஆனால் அதைக் கிளப்பும் வரையிலும், இடையில் டீசல் ஊற்ற நிறுத்தும்போதும் கம்ப்யூட்டர்களை யூபிஎஸ்தான் தாங்க வேண்டும். உப்புக் காற்றில் பேட்டரிகளின் முனைகள் அரித்திருக்கும், வெயிலில் பேட்டரி உப்பியிருக்கும். எங்களுக்கு அது பழக்கப்பட்ட கதை. பேட்டரியையும் சேர்த்த பராமரிப்பு ஒப்பந்தம் என்பதால் புதிதாக விலை கேட்க வேண்டியதும் இல்லை. எடுத்துக்கொண்டு போய் மாட்டினால் போதும்.

"இன்னைக்கே ஆள் அனுப்புறேன் மேடம்" என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன், எந்தப் பெயரில் அனுப்புவது என்று.

சாருக்கும் சொன்னேன். "நானும் வாரேன்" என்றார். வேண்டாம் என்று அவர் மனைவி பின்னாலிருந்து சொல்வது கேட்டது. "மாடி ஏறத்தானே கூடாது? அந்தக் கிளை கீழ்த்தளத்துல இருக்கு" என்று அவருக்குப் பதில் சொல்லிவிட்டு என்னிடம், "வேனை இங்கிட்டு விடச் சொல்லு" என்றார்.

பேட்டரிகளை வேனில் ஏற்றிக்கொண்டு மூவரும் கிளம்பினோம். வேனை ஓட்டியவர் எங்கள் டெக்னீஷியன்தான். அறந்தாங்கிக்காரர். துபாயில் சில வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, குழந்தைகளோடு இருக்க வேண்டும் என்று திரும்பி வந்தவர். நான் உத்தரவு, சான்றிதழ், கடிதங்கள் எல்லாம் இருந்த ஃபைலை மடியில் வைத்துக்கொண்டேன். அறந்தாங்கியில் அவர் வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நிறுத்தி, அவர் மனைவி கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டோம். சார் தனக்கு உப்புக் குறைவாகத்தான் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே முழுப் பொட்டலத்தையும் சாப்பிட்டார்.

கிளை வாசலில் காவலாளி எங்களை நிறுத்தினார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சாரைப் பார்த்ததும் சல்யூட் அடித்தார். டெக்னீஷியனிடம் அடையாள அட்டை கேட்டார். அதில் புதுப் பெயர் இருந்தது. தன் மேசையில் இருந்த அனுமதிப் பட்டியலில் பார்த்தார். அதில் பழைய பெயர் இருந்தது, அதன் மேலும் கோடு போட்டிருந்தது.

"உள்ள விட முடியாதுங்க."

டெக்னீஷியனுக்குக் கோபம் வந்தது. "ஏண்ணே, போன மாசம் நீங்கதானே எனக்கு டீ வாங்கிக் குடுத்தீங்க? என்னையத் தெரியலையா?"

"ஒங்களத் தெரியுதுப்பா. சாரையுந் தெரியும். இந்தக் கம்பெனியத்தான் எனக்குத் தெரியல. பேட்டரி ரூமுக்குப் பக்கத்துலதான் லாக்கர் ரூம். பேரு இல்லாத ஆள நான் விட்டேன்னா நாளைக்கு நான் பதில் சொல்லணும்."

சார் டெக்னீஷியனின் தோளில் கை வைத்தார். "அவரு சொல்றது சரி. நீ வேன்ல இரு" என்றார். பிறகு காவலாளியிடம், "மேனேஜர் அம்மாவ மட்டும் ஒரு நிமிசம் வரச் சொல்றீங்களா?" என்றார்.

மேலாளர் வெளியே வந்தார். சாரை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. வெயிலில் நிற்க வைத்ததற்காக வருத்தப்பட்டு, சாரையும் என்னையும் வாடிக்கையாளர்கள் உட்காரும் இடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே நாங்கள் உட்காரலாம். அதற்கு எந்தப் பட்டியலும் வேண்டாம். நான் ஃபைலைத் திறந்து நடந்ததைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். மற்றவர்களாக இருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மண்டல அலுவலகத்தில் முடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பியிருப்பார்கள். அது தவறும் இல்லை. அவர் போனை எடுத்தார். மண்டல அலுவலகத்தில் அந்தப் பிரிவைப் பார்க்கும் அதிகாரியையே பிடித்தார்.

"சார், ஒரு நாளைக்கு மட்டும் என்ட்ரி பர்மிஷன் வேணும். அதோட இவங்க லெட்டர் எதுக்காக நிக்குதுன்னு நீங்களே இவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசிடுங்களேன்" என்று சொல்லி போனை ஸ்பீக்கரில் போட்டார்.

எதிர்முனையில் களைத்த குரல். "பழைய கம்பெனி என்ஓசி இன்னும் வரலையேம்மா. அது வந்துட்டா மாத்திடலாம்."

ஃபைலிலிருந்து உத்தரவை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டேன். எழுதியதைச் சொல்வதுதானே என்று சொன்னேன். "சார், பழைய கம்பெனி இப்ப இல்லைங்க. உத்தரவுத் தேதியிலயே கலைஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் அது பேருல யார் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. நீங்க கேட்டீங்கன்னு நாங்க போட்டுக் குடுத்தா, நாளைக்கு உங்க ஆடிட்ல அதுதான் பிரச்சினையா வரும்."

எதிர்முனையில் காகிதம் புரட்டுவது கேட்டது.

"உத்தரவுல எந்தப் பாராம்மா?"

பாரா எண்ணைச் சொன்னேன். ஒப்பந்தங்கள் தொடரும் என்ற பத்தியின் எண்ணையும் சொன்னேன். அவர் வாய்க்குள் படிப்பது கேட்டது.

"நாங்க பேர் மாற்றத்துக்கு வெச்சிருக்கிற லிஸ்ட்டத்தான் உங்களுக்கும் அனுப்பியிருக்கோம்" என்றார் கடைசியில். "பேரு மட்டும் மாறினா பழைய கம்பெனிதானே இருக்கும், அது கடிதம் தரலாம். உங்களுது வேற. சரி, இப்படிப் பண்ணுங்க. புதுக் கம்பெனியே, தானே சட்டப்படி வாரிசுன்னு சொல்லி, இந்த ரெண்டு பாராவையும் குறிச்சு ஒரு லெட்டர் தரட்டும். முன்னாள் டைரக்டர் தன்னோட சொந்தப் பேருல, கம்பெனி பேருல இல்ல, இந்தக் கணக்கு மாற்றத்துல தனக்கு எந்த ஆட்சேபமும் இல்லைன்னு ஒரு உறுதிமொழி தரட்டும். அவர் இருக்கிறார் இல்லையா?"

"இருக்கேங்க. பக்கத்துலதான் இருக்கேன்" என்றார் சார்.

அதிகாரி சிரித்துவிட்டார். "நல்லா இருங்க சார். இன்னைக்கு என்ட்ரிக்கு மெயில் போடுறேன். டெக்னீஷியன் பேரும் ஆதார் நம்பரும் அனுப்புங்க."

மெயில் வந்தது. மேலாளர் அச்செடுத்துக் காவலாளியிடம் கொடுத்தார். அவர் அதை இரண்டு பக்கமும் பார்த்தார், பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும். பதிவேட்டில் எழுதி, டெக்னீஷியனிடம் கையெழுத்து வாங்கி, பிறகு தானே போய் பேட்டரி இறக்க ஒரு கை கொடுத்தார். டெக்னீஷியனும் கோபத்தை மறந்துவிட்டார். ஒரே நேரத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டு பேட்டரி தூக்கினார்கள்.

அந்த வேலை நடந்துகொண்டிருக்க, ஒரு மேசையோரத்தில் உட்கார்ந்து என் லேப்டாப்பில் கடிதத்தைத் திருத்தினேன். கையெழுத்திடும் அதிகாரம் எனக்கு இல்லை. தீர்மானத்தில் நிதி மேலாளர் பெயர்தான் இருந்தது. அவருக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தேன். வக்கீலிடம் கேட்க வேண்டும் என்று மறுபடியும் சொல்வாரோ என்று பயந்தேன். மண்டல அதிகாரி என்ன சொன்னார், சார் ஏன் பழைய லெட்டர்ஹெட்டில் கையெழுத்துப் போடவில்லை எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் போனை உடனே வைக்கவில்லை.

"சார் செஞ்சதுதான் சரி மேடம். நான் அன்னைக்கு அவசரத்துல சொல்லிட்டேன். படிச்சுப் பாத்துட்டு அனுப்புறேன்."

பேட்டரி மாட்டி முடித்து, டெக்னீஷியன் மெயின் சுவிட்சை அணைத்துச் சோதனை பார்த்தார். கம்ப்யூட்டர் ஒன்றுகூட அணையவில்லை. மேலாளர் கைதட்டினார். கேஷ் கவுண்டரில் இருந்தவர் எழுந்து வந்து சாருக்குக் கை கொடுத்தார். அந்த நேரத்தில் என் லேப்டாப்பில் கையெழுத்திட்ட கடிதம் வந்து விழுந்தது.

சரியாக ஸ்கேன் ஆகியிருக்கிறதா என்று பார்க்கத்தான் திறந்தேன். நான் எழுதிய வரிகள் எல்லாம் அப்படியே இருந்தன. கடைசியில் நான் எழுதாத ஒரு பத்தி இருந்தது. புதுக்கோட்டை மாவட்டக் கிளைகள் தொடர்பான எல்லாவற்றுக்கும் வங்கி இனியும் தொடர்புகொள்ள வேண்டியவர் என்று போட்டு, என் பெயரும், மாவட்ட ஒருங்கிணைப்பாளர் என்ற பதவியும் இருந்தன. அந்தப் பதவி எனக்கு இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

சாரிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "ஒன் பேரு எழுத்துப் பிழை இல்லாம இருக்கா, பாத்தியா?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மேலாளர் என்னவோ ஏதோ என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

திரும்பும் வழியில் கட்டுமாவடிக் கடைத்தெருவில் நிறுத்தி, வீட்டுக்குக் கருவாடு வாங்கினேன். தடைக்காலத்தில் பச்சை மீன் குறைவு. கருவாட்டு வாசனையோடு வேன் புதுக்கோட்டை வந்து சேர்ந்தது. சார் வழி முழுக்கத் தூங்கினார்.

மறுநாள் ஷட்டவுன். பகல் முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அடிக்கவே இல்லை. எங்கள் தொழிலில் போன் அடிக்காவிட்டால் எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று பொருள். சாயங்காலம் கட்டுமாவடி மேலாளரே கூப்பிட்டார். ஒருவரைக்கூட நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்பவில்லை என்றார். குரலில் களைப்பும் சந்தோஷமும் இருந்தன.

சார் தன் உறுதிமொழியைச் சொந்தப் பெயரில் எழுதிக் கையெழுத்திட்டார். அசல் கடிதத்தோடு கூரியரில் போயிற்று. அதன் பிறகு ஒரு காலையில் ஆபீசின் பழைய தரைவழி போன் அடித்தது. எடுத்து, இத்தனை வருடப் பழக்கத்தில் பழைய கம்பெனியின் பெயரைச் சொல்லிவிட்டேன்.

"அந்தக் கம்பெனிதான் கலைஞ்சுபோச்சுன்னு நீங்களே சொன்னீங்களேம்மா" என்றது அந்தக் களைத்த குரல். மண்டல அதிகாரி. எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. அவர் கோபப்படவில்லை. "இந்த நம்பருக்கே போட்டதுக்குக் காரணம் இருக்கு. கணக்கு மாறுதுன்னு கடிதம் வந்தா, கடிதத்துல இருக்கிற நம்பருக்குக் கூப்பிட மாட்டோம். எங்ககிட்ட முன்னாடியே இருக்கிற நம்பருக்குத்தான் கூப்பிட்டுக் கேப்போம். கம்பெனி பேர் மாறிடுச்சுன்னு யாரோ கடிதம் எழுதி, வேற யாரோட கணக்குக்கோ பணத்தத் திருப்பி விட்ட கதையெல்லாம் நடந்திருக்கு. இப்ப அந்தப் புதுக் கணக்கோட கடைசி நாலு எண்ணைச் சொல்லுங்க."

சொன்னேன். சாருடைய எண்ணுக்கும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாராம். பிறகு புதுக் கணக்குக்கு ஒரே ஒரு ரூபாய் அனுப்பி, கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று சரிபார்த்தார்கள். இத்தனையும் எங்களைப் பாதுகாக்கத்தான் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் அலைந்ததாக நினைத்த நாட்களில், முகம் தெரியாத ஒருவர் எங்களுக்காகவும் ஜாக்கிரதையாக இருந்திருக்கிறார். போனை வைக்கும் முன் அவருக்கு நன்றி சொன்னேன். "எனக்கா?" என்று கேட்டார். அவருக்கு யாரும் நன்றி சொல்லிப் பழக்கம் இல்லை போலிருக்கிறது.

அந்த வாரமே புதுப் பெயர் வங்கியின் பதிவில் ஏறியது. மாவட்டத்துக் கிளைகள் எல்லாம் அதன் கீழே வந்துவிட்டன. டெக்னீஷியன்களின் பெயர்களும் ஏறின. திருச்சி நிதி மேலாளர் ஒரு நாள் புதுக்கோட்டைக்கு வந்தார். படியேறி வந்து, என் நாற்காலியைப் பார்த்துவிட்டு, "இதுல எப்படி மேடம் நாள் பூரா உக்கார்றீங்க?" என்று கேட்டார். புது நாற்காலி ஒன்று வந்தது. சார் வீட்டுக்கும் போய், அவரிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

கட்டுமாவடி மேலாளர் போன மாதம் மாற்றலாகித் தன் ஊர்ப் பக்கமே போய்விட்டார். கிளம்பும் முன் எனக்குப் போன் செய்தார். பேசிக்கொண்டிருந்துவிட்டு, அந்தப் புளிச்சோறு எப்படிச் செய்தார்கள் என்று டெக்னீஷியன் வீட்டில் கேட்டுச் சொல்ல முடியுமா என்றார். அன்றைக்கு மிச்சமிருந்த ஒரு பொட்டலத்தை அவருக்குக் கொடுத்திருந்தோம். நான் அறந்தாங்கிக்குப் பேசி, எள்ளை வறுத்துப் பொடிப்பதிலிருந்து எல்லாவற்றையும் கேட்டு, ஒரு வரி விடாமல் எழுதி அனுப்பினேன்.